கோடிட்ட இடத்தில் எது வரும்? கேன், குட், ஏபிள் டு

ஆங்கில இலக்கணப் பயிற்சிகளில் அடிக்கடி கண்ணில் படும் வகையான ஒரு கேள்வி இது.

ஆஃப்டர் கிளைம்பிங் ஃபார் த்ரீ அவர்ஸ், வி ______ ரீச் த டாப்.

கீழே இரண்டு விடைகள் கொடுத்திருப்பார்கள்: குட், வேர் ஏபிள் டு. மூன்று மணி நேரம் ஏறிய பிறகு எங்களால் உச்சியை அடைய முடிந்தது என்பது வாக்கியத்தின் பொருள். தமிழில் யோசிக்கும் மாணவர் கை தானாகவே குட் என்ற விடைக்குப் போகும். முடியும் என்றால் கேன், அதன் இறந்தகாலம் குட், ஆகவே முடிந்தது என்றால் குட் என்று பள்ளியில் வாய்பாடு போலப் படித்திருப்பார். விடைப் பக்கத்தைத் திருப்பினால் வேர் ஏபிள் டு என்று இருக்கும். ஏன் என்ற விளக்கம் பெரும்பாலும் இருக்காது. (இந்தக் கட்டுரையில் குட் என்று வருவதெல்லாம் கேனின் இறந்தகால வடிவமே, 'நல்ல' என்ற பொருளில் வரும் சொல் இங்கே எங்கும் வரவில்லை.)

அந்த விளக்கத்தைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கப் போகிறோம். இந்த மூன்று சொற்களை வைத்துக் கேட்கப்படும் கோடிட்ட இடக் கேள்விகளில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த ஒரே இடத்தில்தான். இது புரிந்துவிட்டால் அனுமதிக் கேள்விகளில் பாதியும் இதே வழியில் விடை கொடுத்துவிடும்.

குட் என்பது ஒருவரிடம் ஒரு திறமை இருந்தது என்று மட்டுமே சொல்கிறது. அந்தத் திறமையை அவர் ஒரு குறிப்பிட்ட நாளில் பயன்படுத்தினாரா, காரியம் நடந்ததா என்று அது சொல்வதில்லை. 'மை ஆன்ட் குட் டிரைவ் எ டிராக்டர்' என்றால் என் அத்தைக்கு டிராக்டர் ஓட்டத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். நேற்று ஓட்டினாரா என்பது வேறு கேள்வி. வாஸ் ஏபிள் டு என்பது அப்படியல்ல. ஒரு குறிப்பிட்ட சூழலில் முயன்றார், காரியம் கைகூடியது என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லும். மலை ஏறிய வாக்கியத்தில் நமக்குத் தெரிய வேண்டியது உச்சியை அடைந்தார்களா என்பதுதான். அங்கே குட் என்று எழுதினால் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவரின் காதில் வாக்கியம் முடியாமல் தொங்கும். அடையும் வலு இருந்தது, சரி, அடைந்தார்களா என்று அவர் காத்திருப்பார்.

குட் என்ற சொல்லுக்கு இன்னொரு வேலையும் இருப்பது இந்தத் தொங்கலை அதிகமாக்குகிறது. இனி நடக்கக்கூடிய ஒன்றையும், நடந்திருக்கக்கூடிய ஒன்றையும் சொல்ல அதே சொல்தான் பயன்படுகிறது. 'வி குட் கோ டு மதுரை டுமாரோ' என்றால் நாளை மதுரைக்குப் போகலாமே என்ற யோசனை. 'ஹி குட் ஹாவ் வன்' என்றால் அவர் வென்றிருக்கலாம், ஆனால் வெல்லவில்லை. நடக்காததையும் நடக்கக்கூடியதையும் சுமக்கும் சொல்லை, உண்மையிலேயே நடந்து முடிந்த ஒன்றுக்கு ஆங்கிலம் தயங்கித் தயங்கித்தான் தருகிறது.

இதில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. தமிழிலும் இந்த வேறுபாடு இருக்கிறது. நாம் அதைக் கவனிப்பதில்லை, அவ்வளவுதான். 'கதவைத் திறக்க முடிந்தது' என்றால் கதவு திறந்துகொண்டது என்றே பொருள். திறக்க முடிந்தது, ஆனால் திறக்கவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பழைய நாட்களின் பொதுவான திறமையைச் சொல்ல நாம் வேறு வழியில் போகிறோம்: 'சின்ன வயதில் தென்னை மரம் ஏறுவேன்', 'தாத்தாவுக்கு நான்கு மொழி பேசத் தெரியும்'. ஆக, ஒரு முறை நடந்த காரியத்தைக் குறிக்கும் 'முடிந்தது' என்பதற்கு நேரான ஆங்கிலம் வாஸ் ஏபிள் டு. 'ஏறுவேன்', 'பேசத் தெரியும்' என்று பழங்கதையில் வருவதற்கு நேரானது குட். வாய்பாடு தலைகீழாக மனத்தில் பதிந்துவிட்டதால்தான் மூளை சரியாக உணர்ந்தாலும் கை தவறாக எழுதுகிறது. வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். வாயில் 'முடிந்தது' வந்தால் ஏபிள் டு பக்கம் போங்கள். 'செய்வார்' அல்லது 'தெரியும்' வந்தால் குட் பக்கம் போங்கள். என் அனுபவத்தில் மாணவர்களுக்கு இலக்கண விதியைவிட இந்தச் சோதனைதான் விரைவில் கைகொடுக்கிறது.

கேள்வியிலேயே தடயமும் இருக்கும். வென் ஐ வாஸ் ஃபைவ், இன் தோஸ் டேஸ், அஸ் எ சைல்ட் போன்ற தொடர்கள் வந்தால் கேட்கப்படுவது பொதுவான திறமை. ஃபைனலி, அட் லாஸ்ட், இன் த எண்ட், லக்கிலி, ஆஃப்டர் மெனி அட்டெம்ப்ட்ஸ் போன்றவை வந்தால் ஒரு முறை நடந்த வெற்றி. ஒரு தடையைச் சொல்லிவிட்டு, பட் போட்டு, பிறகு கோட்டை வைத்திருந்தாலும் விடை பெரும்பாலும் வாஸ் ஏபிள் டு அல்லது வேர் ஏபிள் டுதான். விடைகளில் மேனேஜ்டு டு இருந்தால் அதுவும் இதே பொருள்தான்.

இனி, இந்த விதி எங்கே நின்றுபோகிறது என்று பார்க்க வேண்டும். எதிர்மறையில் இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. 'வி குடின்ட் ரீச் த டாப்' என்று தாராளமாக எழுதலாம். அது ஒரு முறை நடந்த நிகழ்ச்சிதான், ஆனாலும் சரி. காரணம் எளிது. திறமை இருந்தது என்றால் காரியம் நடந்தும் இருக்கலாம், நடக்காமலும் இருக்கலாம். திறமையே இல்லை என்றால் காரியம் நடக்க வழியே இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளி எதிர்மறையில் மூடிக்கொள்கிறது. அதனால் குடின்ட், வாஸின்ட் ஏபிள் டு இரண்டும் அங்கே பொருந்தும். ஹார்ட்லி, ஒன்லி போன்று எதிர்மறைச் சாயல் உள்ள சொற்கள் வந்தாலும் குட் சரியே. 'ஐ குட் ஹார்ட்லி ஸ்டாண்ட்' என்றால் நிற்கவே முடியவில்லை என்பதற்கு மிக அருகில் வந்துவிட்டோம் அல்லவா.

இன்னொரு விலக்கு புலன்களைச் சேர்ந்தது. பார்த்தல், கேட்டல், முகர்தல், சுவைத்தல், உணர்தல் ஆகியவற்றுக்கான வினைகளோடு, ஒரே ஒரு முறை நடந்ததாக இருந்தாலும், குட்தான் இயல்பு. புரிந்துகொள்ளுதல், நினைவில் இருத்தல் ஆகியவையும் இதே கூட்டம். 'வென் வி என்டர்டு த ஹவுஸ், வி ______ ஸ்மெல் கேஸ்' என்ற வாக்கியத்தில் விடை குட். வீட்டுக்குள் நுழைந்ததும் கேஸ் வாசனை வந்தது. இங்கே யாரும் முயன்று வெற்றி பெறவில்லை, வாசனை தானாக மூக்கில் ஏறியது. வேர் ஏபிள் டு போட்டால், சளி பிடித்திருந்தும் முயன்று முகர்ந்து பார்த்துவிட்டோம் என்பதுபோல் ஒலிக்கும். கோட்டுக்கு அடுத்த சொல் சீ, ஹியர், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல், ரிமெம்பர், அன்டர்ஸ்டாண்ட் என்றால் மேலே சொன்ன தடயங்களை ஒதுக்கிவைத்துவிட்டுக் குட் என்று எழுதலாம்.

ரேமண்ட் மர்ஃபி எழுதி 1985-இல் முதலில் வெளிவந்த 'இங்கிலிஷ் கிராமர் இன் யூஸ்' என்ற பயிற்சி நூலில் இந்த மூன்றுக்கும் தனிப் பாடமே உண்டு. அங்கேயும் பொதுவான திறமையும் ஒரு முறை நடந்த வெற்றியும் பிரித்தே காட்டப்படுகின்றன. ஆனால் கடைகளில் கிடைக்கும் எல்லா வழிகாட்டிகளும் இதைக் கவனிப்பதில்லை. ஒரு முறை நடந்த வெற்றிக்குக் குட் என்று விடை அச்சிட்டவையும் உண்டு. அவற்றைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இரண்டும் விடைகளாகக் கொடுக்கப்பட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஏபிள் டுவைத் தேர்ந்தெடுப்பதே சரி.

இதுவரை பார்த்தது பொருளை வைத்து விடை காணும் கேள்விகள். வடிவத்தை மட்டும் வைத்தே விடை சொல்லக்கூடியவையும் உண்டு. அவை இதைவிட எளிது. கேன் என்ற சொல்லுக்குக் கேன், குட் என்ற இரண்டு உருவங்கள்தான். வில் கேன் என்றோ, ஹாவ் கேன் என்றோ, டு கேன் என்றோ வராது. இதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் குன்னன் என்ற வினைச்சொல் இருந்தது. அதன் பொருள் 'அறிதல்'. அதிலிருந்து வந்ததே கேன். நமக்கு நீந்தத் தெரியும் என்று நாம் சொல்வதுபோலவே, நீந்த அறிவேன் என்பதிலிருந்துதான் 'ஐ கேன் ஸ்விம்' பிறந்தது. முழு வினையாக இருந்தது காலப்போக்கில் துணைவினையாகச் சுருங்கியபோது மற்ற உருவங்களை இழந்துவிட்டது. (குட் என்ற சொல்லின் எழுத்துக்கூட்டலில் ஒலிக்காத ஓர் 'எல்' இருக்கிறதே, அது பின்னாளில் வுட், ஷுட் ஆகியவற்றைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டது. குன்னனில் அந்த எழுத்து இல்லை.) இழந்த உருவங்களின் வேலையைச் செய்ய வந்ததுதான் பி ஏபிள் டு.

ஆகவே கோட்டுக்கு முன்னால் இருக்கும் சொல்லைப் பாருங்கள். வில், மைட், ஷுட், மஸ்ட், டு ஆகியவை இருந்தால் பி ஏபிள் டு. ஹாவ், ஹாஸ், ஹாட் இருந்தால் பீன் ஏபிள் டு. பிறகு கோட்டுக்குப் பின்னால் இருக்கும் சொல்லையும் பாருங்கள். கோட்டை ஒட்டி டு வந்தால் கேனும் குட்டும் அங்கே நிற்க முடியாது, ஏபிள்தான் நிற்கும். 'ஷி இஸ் ______ டு வாக் நவ்' என்ற வாக்கியம் போல. எதிர்காலத்தில் மட்டும் ஒரு சின்னக் கவனம் வேண்டும். 'ஐ கேன் மீட் யூ டுமாரோ' என்று சொல்லலாம். ஏனென்றால் நாளைக்குச் சந்திப்பது பற்றிய முடிவு இன்றே நம் கையில் இருக்கிறது. 'ஆஃப்டர் த ஆப்பரேஷன், ஷி ______ வாக்' என்பதில் கேன் வராது. இன்று அவரால் நடக்க இயலாது, அந்தத் திறன் இனிதான் வரவேண்டும். அங்கே வில் பி ஏபிள் டு.

அனுமதிக்கு வருவோம். ஒன்றைச் செய்யலாமா என்று கேட்பதற்குக் கேன் ஐ, குட் ஐ இரண்டும் வரும். இங்கே ஏபிள் டுவுக்கு வேலை இல்லை. 'ஆம் ஐ ஏபிள் டு கோ அவுட்' என்று ஆசிரியரிடம் கேட்டால், வெளியே போகும் அளவுக்கு என் உடம்பில் தெம்பு இருக்கிறதா என்று அவரையே கேட்டதாக ஆகிவிடும். நம் பள்ளிகளில் வாசலில் நின்று 'மே ஐ கம் இன்' என்று கேட்டே பழகியதால், அனுமதி என்றால் மே மட்டும்தான் என்று பலர் நம்புகிறார்கள். மே மரியாதை கூடியது, எழுத்து நடைக்கு ஏற்றது. ஆனால் கேனும் குட்டும் தவறு அல்ல. மூன்றும் விடைகளில் இருந்தால் யார் யாரிடம் கேட்கிறார்கள் என்று பாருங்கள். தலைமையாசிரியரிடம் என்றால் மே அல்லது குட். தம்பியிடம் பேனா கேட்டால் கேன்.

கடந்த கால அனுமதியில், முதலில் பார்த்த அதே வேறுபாடு மறுபடி தலைகாட்டுகிறது. 'இன் அவர் ஹாஸ்டல், வி ______ வாட்ச் டிவி ஆன் சண்டேஸ்.' விடுதியில் ஞாயிறுதோறும் இருந்த பொதுவான அனுமதி இது, குட் சரி. 'யெஸ்டர்டே ஈவினிங், வி ______ வாட்ச் டிவி ஃபார் அன் அவர்.' நேற்று ஒரு மாலை மட்டும் அனுமதி கிடைத்துப் பார்த்தார்கள். இங்கே குட் பொருந்தாது, வேர் அலவ்டு டு என்று எழுத வேண்டும். எதிர்மறையில் இரண்டு இடத்திலும் குடின்ட் எழுதலாம். திறமைக்குச் சொன்ன அதே கணக்கு, ஏபிள் என்ற இடத்தில் அலவ்டு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பணிவான வேண்டுகோளில் குட் இறந்தகாலமே அல்ல. 'குட் யூ ஓபன் த விண்டோ' என்பது இப்போதே ஜன்னலைத் திறக்கச் சொல்வதுதான். இறந்தகால உருவம் பேச்சைச் சற்றுத் தள்ளி நிறுத்துகிறது. அந்தத் தள்ளல் எதிராளிக்கு மறுக்க இடம் கொடுக்கிறது. இடம் கொடுப்பதே பணிவாகக் கேட்கிறது. நாமும் தெரியாத ஒருவரிடம் 'திறங்க' என்று சொல்லாமல் 'கொஞ்சம் திறக்க முடியுங்களா' என்றுதானே கேட்கிறோம். கேன் யூ என்பதும் மரியாதையே, நெருங்கியவர்களிடம் போதும். குட் யூ இன்னும் ஒரு படி மேல்.

வேண்டுகோளைவிட அதற்கான பதிலில்தான் கேள்வித்தாள் கண்ணி வைக்கிறது.

குட் ஐ யூஸ் யுவர் ஃபோன்?
யெஸ், ஆஃப் கோர்ஸ் யூ ______.

கேள்வியில் குட் இருப்பதால் பதிலிலும் குட் என்று எழுதிவிடுவார்கள். விடை கேன். கேட்பவருக்குத் தயக்கம் வேண்டும், அதனால் குட். கொடுப்பவர் தயங்கினால் அது கொடுத்ததாகவே ஆகாது. 'யெஸ், யூ குட்' என்றால், எடுத்துக்கொள்ளலாம்தான், ஆனால் என்று இழுப்பதுபோல் இருக்கும். அனுமதி கேட்கக் கேனும் குட்டும், இப்போது அனுமதி கொடுக்கக் கேன் மட்டும்.

இப்போது இவை எல்லாம் கலந்து வரும் ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நிரப்பிப் பார்க்கலாம். பயிற்சிக்காக நானே எழுதியது.

மை கிராண்ட்ஃபாதர் (1) ______ ஸ்விம் வெரி வெல் வென் ஹி வாஸ் யங். ஒன் டே, எ பாய் ஃபெல் இன்டு த வில்லேஜ் வெல். தேர் வாஸ் நோ ரோப், பட் கிராண்ட்ஃபாதர் ஜம்ப்டு இன் அண்ட் (2) ______ சேவ் ஹிம். த பாய் (3) ______ ஸ்பீக் ஃபார் அன் அவர், பட் ஹி (4) ______ ஹியர் ஹிஸ் மதர் கிரையிங். நெக்ஸ்ட் வீக் ஹி கேம் டு கிராண்ட்ஃபாதர். 'ஐ ஹாவ் நாட் (5) ______ ஸ்லீப் சின்ஸ் தட் டே. (6) ______ யூ டீச் மி டு ஸ்விம், ப்ளீஸ்?' 'ஆஃப் கோர்ஸ் ஐ (7) ______. இன் எ மன்த், யூ வில் (8) ______ கிராஸ் தட் வெல் அலோன்.'

முதல் கோடு: இளமையில் தாத்தா நன்றாக நீந்துவார். 'நீந்துவார்' என்று வாயில் வருகிறது, வென் ஹி வாஸ் யங் என்ற தடயமும் இருக்கிறது. குட். இரண்டாவது: கயிறு இல்லை என்ற தடை, பிறகு பட், பிறகு ஒரு நாள் நடந்த ஒரு காரியம். பையனைக் காப்பாற்ற முடிந்தது, காப்பாற்றிவிட்டார். வாஸ் ஏபிள் டு. அதே தாத்தா, அதே நீச்சல், முதல் வரியில் ஒரு சொல், மூன்றாம் வரியில் இன்னொரு சொல். இந்த இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிட நல்ல பாடம் இதில் கிடையாது.

மூன்றாவது: ஒரு மணி நேரம் பையனால் பேச முடியவில்லை. எதிர்மறை, ஆகவே குடின்ட். வாஸின்ட் ஏபிள் டு என்றாலும் தவறில்லை. எதிர்மறை என்பதை எப்படிக் கண்டுகொள்வது? கோட்டுக்குப் பின்னால் நாட் இல்லை, ஆனால் அடுத்த துண்டு பட் என்று தொடங்கி அவனுக்குக் காது கேட்டது என்கிறது. ஆகவே முதல் துண்டு இல்லாமையைச் சொல்ல வேண்டும். கோடிட்ட இடங்களை ஒவ்வொரு வாக்கியமாக நிரப்பிக்கொண்டே போகாமல் முழுப் பத்தியையும் முதலில் ஒரு முறை படிக்கச் சொல்வது இதற்காகத்தான். நான்காவது: அடுத்த சொல் ஹியர், புலன் வினை. ஒரே ஒரு நாள் நடந்ததாக இருந்தாலும் குட்.

ஐந்தாவது, எட்டாவது இரண்டும் வடிவக் கேள்விகள். ஹாவ் நாட் என்பதை ஒட்டி வருவதால் பீன் ஏபிள் டு. வில் என்பதை ஒட்டி வருவதால் பி ஏபிள் டு. இந்த இரண்டுக்கும் பொருள் தெரியாதவர்கூட விடை எழுதிவிடலாம். ஆறாவதில் சின்னப் பையன் ஊர்ப் பெரியவரிடம் கேட்கிறான், கடைசியில் ப்ளீஸ் வேறு இருக்கிறது. குட் மிகப் பொருத்தம், கேன் என்று எழுதினாலும் ஆசிரியர் ஏற்றுக்கொள்வார். ஏழாவதில் மட்டும் பையன் சொன்ன குட்டைத் தாத்தா திருப்பிச் சொல்லக் கூடாது. அவர் மனம் விட்டு ஒப்புக்கொள்கிறார், ஆஃப் கோர்ஸ் ஐ கேன்.